பெரட்டுக்குப் பதில் சொல்லும் பாட்டு

தொழிலாளர் கூட்டத்துக்குப் பாட்டுக் கட்டுவதையும் அதை முன்னால் நின்று பாடிக் கொடுப்பதையும் ஒரு தொழில் என்று யாரும் பாரத்தில் நிரப்புவதில்லை. பாடகர் பட்டியலிலும் கவிஞர் பட்டியலிலும் எங்களுக்கு இடமில்லை. ஆனாலும் இதற்கென்று ஒரு வேலைத்திறம் இருக்கிறது. மேடைக் கச்சேரியில் பேர் வாங்கிய குரல் இங்கே தோற்றுப்போவதும், சுமாரான குரல் ஒரு திடல் முழுவதையும் கட்டிப் பிடித்து நிறுத்துவதும் அந்தத் திறத்தால்தான். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் பாடிப் பழகிய எனக்கு இதில் ஒரு முடிவு உண்டு. கூட்டத்துக்குத் துணிச்சல் தருவது முன்னால் நிற்பவர் பாடும் அடி இல்லை, கூட்டம் திருப்பிச் சொல்லும் அடி. அந்த அடியில் வசை இருந்தால் கோபக்காரர்கள் மட்டும் சொல்வார்கள். தங்களைப் பற்றிய ஒரு நேர்ப்பேச்சு இருந்தால் எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொன்ன பிறகுதான் அது ஒற்றுமைப் பாட்டு. இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய. அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நியாயமானவை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் யாருக்காகப் பாடுகிறோம் என்பது. தென் செபராங் பிறையில் தமிழர்கள் கூலிக்கு வந்த கதை கரும்பில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்கள். பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை. பத்து கவானில் இன்று தொழிற்பேட்டைகள் நிற்கிற மண் தோட்டமாக இருந்த மண். 2014இல் இரண்டாவது பாலம் திறந்ததும் தீவு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலத்தின் மின்னணு வேலை, பாலத்தைத் தாண்டி இந்தக் கரைக்கும் நீண்டிருக்கிறது. ஆகவே மே தினத்துக்கு ஒரு கூட்டம் கூட்டினால் வருபவர்களில் பழைய பால்மரம் சீவியவர் இருப்பார், அவருடைய மகள் தொழிற்சாலையில் பலகையில் சில்லு பதிப்பவளாக இருப்பாள், பாதுகாவலர் இருப்பார், பள்ளிக்கூடம் கூட்டுகிற அக்கா இருப்பார். அவர்களோடு மலாய்க்காரர், சீனர், நேப்பாளி, வங்காளதேசி. பழைய தோட்டத்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மொழி, ஒரே மேல்காரர். இப்போது எதுவுமே ஒன்றில்லை. அப்போது எழுதின பாட்டை எடுத்து இப்போது பாடினால் பாதிப் பேர் உதட்டைக்கூட அசைக்க மாட்டார்கள்.

தோட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, அது பாட்டே இல்லை. விடியற்காலைப் பெரட்டு. இருட்டு பிரியும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டோரோ தண்டலோ பேர் கூப்பிடுவார். ஆள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அன்றைய பேர் கிடையாது, பேர் இல்லாவிட்டால் கூலி கிடையாது. கூப்பிடுவதும் பதில் சொல்வதுமான இந்த வடிவம் மூன்று நான்கு தலைமுறையின் காதில் ஊறியது. நாட்டுப்புறப் பாட்டிலும் இதே ஒழுங்குதான். நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கும்மியிலும் அப்படியே. நம்மவர்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் இந்த முறை தெரியும். கூட்டத்துப் பாட்டுக்கு நான் நம்பும் சட்டகம் இதுதான். பெரட்டின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூப்பிடுகிற ஆளையும் பதிலின் பொருளையும் மாற்றினால் போதும். மேல்காரருக்குச் சொன்ன அதே பதிலை இப்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிறார்கள். அதில் வீரம் தானாக ஏறுகிறது, சேர்க்க வேண்டியதில்லை.

ஒரு பாட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினால் இது விளங்கும். இந்த வட்டாரத்து மே தினக் கூட்டத்துக்காகக் கட்டியது. பல்லவி இப்படிப் போகும்:

முன்னவர்: பால்மரம் சீவின கை எங்கே?
கூட்டம்: இங்கே இருக்கு, இங்கே இருக்கு!
முன்னவர்: பலகையில் சில்லு பதிச்ச கை எங்கே?
கூட்டம்: இங்கே இருக்கு, இங்கே இருக்கு!
முன்னவர்: கைக்கொரு கூலி கணக்கா வரணும்.
கூட்டம்: கித்தா சத்து, கித்தா சத்து!

கவிதை என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பால்மரம், பலகை என்று மோனை இருக்கிறது, அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. அடுத்த அடி எந்த எழுத்தில் தொடங்கும் என்று முன்னவருக்கே நினைவூட்ட வைத்தது. வேலை நடப்பது பதிலடியில். ‘இங்கே இருக்கு’ என்பதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ஒருமுறை கேட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் வரும். அதைவிட முக்கியம், முன்னவரின் அடியில் ஒரு இடம் மட்டும் மாறிக்கொண்டே போகலாம். லாரி ஓட்டின கை, குப்பை கூட்டின கை, காவலுக்கு நின்ற கை. எதிரே நிற்பவர்களின் சட்டையைப் பார்த்து அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். தன் வேலையின் பேர் வருகிறபோது அந்த மூலையிலிருந்து வரும் சத்தம் மற்ற மூலைகளைவிட உயர்ந்து கேட்கும். பிறகு மற்ற மூலைகளும் அதற்கு ஈடுகொடுக்கும். கடைசிப் பதில் மலாயில் இருப்பது, தமிழ் தெரியாதவருக்கும் ஒரு அடி சொந்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. நாம் ஒன்று என்று பொருள்படும் அந்த இரண்டு சொல்லை நேப்பாளியும் வங்காளதேசியும் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கற்றிருப்பார்கள்.

சரணம் வேறு வகை. அங்கே கூட்டம் கேட்கும், முன்னவர் பாடுவார். அங்கேதான் சரக்கு இருக்க வேண்டும். ஒரு சரணம்:

நாற்பத்தஞ்சு மணிக்கு மேலே நான் உழைச்ச நேரம்
நாணயமாச் சம்பளச் சீட்டில் வந்து ஏற வேணும்.

2023 ஜனவரி முதல் நாள் தொட்டு வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு முன் 48. அதற்கு மேல் சாதாரண நாளில் செய்தால் மணிக்கூலியைப் போல் ஒன்றரை மடங்கு. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது தவறு. சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்பவர்கள் அதை எடுத்துப் பார்க்க வைக்கிற அடி இது. ‘ரத்தம் உறிஞ்சும் அட்டை’ என்று எழுதியிருந்தால் கைதட்டு கூடுதலாகவே விழுந்திருக்கும். கைதட்டு அடங்கின பிறகு வீட்டுக்கு எடுத்துப்போக அதில் என்ன இருக்கிறது? 45 என்ற எண் வீட்டுக்குப் போகும்.

எண்ணும் உரிமையும் பாட்டுக்கு உலர்ந்த சரக்கு என்பவர்கள் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பார்க்கலாம். தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் காலம் அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கூலியை உயர்த்து என்ற வரி எந்த நாட்டிலும் யாருக்கும் பொருந்தும். சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதற்கு ஒரு ஊர், ஒரு சாலை, ஒரு மனுஷன் இருக்கிறான். அதில் ஒரு வசைச் சொல்லும் இல்லை. ஆனால் அதைவிடக் கூர்மையான வரியை ஒரு துரையைப் பற்றி யாராலும் எழுதிவிட முடியாது. அந்தப் போராட்டம் நாதன் கைதானதும் இராணுவம் இறங்கித் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. பாட்டால் அதைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் எதைக் கேட்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களிடமிருந்து பாட்டுக் கட்டுகிறவன் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்கிறேன்.

இனி எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். முதலாவது, கோபத்தை எடுத்துவிட்டால் பாட்டு பஜனையாகிவிடும் என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூணாறைக் காட்டுவார்கள். 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெம்பிளை ஒருமை என்ற பேரில் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி போனஸைக் குறைத்ததிலிருந்து பிறந்த போராட்டம். ஒன்பது நாள் நடந்தது. கடைசியில் போனசும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. அவர்களுடைய கோஷங்கள் காரமானவை. அந்தக் காரம் கம்பெனியோடு நிற்காமல், தங்களை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர்கள் கருதிய சங்கத் தலைவர்கள் மேலும் பாய்ந்தது. அது உண்மை, அது பலித்ததும் உண்மை. ஆனாலும் அங்கே நிலைத்து நின்றது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருந்த அந்த ஒழுங்கு. கோஷத்துக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். கோஷம் அந்த நாளுக்கு, அந்த ஆளுக்கு. சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானால் அதன் வேலை முடிந்தது. பாட்டு அடுத்த வருஷமும் வர வேண்டும், அப்போது அதே ஆளோடு மறுபடியும் மேசையில் உட்கார வேண்டியிருக்கும். காரம் வேண்டுமென்றால் கோஷத்தில் போடட்டும், அதிலும் அளவு தெரிந்து. பாட்டில் போட்டால் கெட்டுப்போவது பாட்டுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மலேசியாவில் இது கொஞ்சம் நுட்பமான விஷயம். இங்கே முதலாளி, மேலாள், தொழிலாளி என்ற அடுக்கில் இனமும் கலந்து கிடக்கிறது. தவுக்கே என்று ஒரு சொல்லைத் திட்டும் தொனியில் பாட்டில் வைத்தால் அது முதலாளியைச் சுட்டுவதோடு நிற்காது, பக்கத்தில் நின்று அதே சம்பளத்துக்கு வேலை செய்யும் சீனத் தொழிலாளியின் காதிலும் போய் விழும். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். மண்டோரைக் கிண்டல் செய்யும் பாட்டுகள் தோட்டத்தில் ஏராளம், ருசியானவையும்கூட. வேலைக்களத்தில் தங்களுக்குள் பாடிச் சிரிக்க அவை சரி. திடலில் ஒலிபெருக்கி வைத்துப் பாடும்போது, இன்றைய மேற்பார்வையாளரும் குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டுக்குச் சற்று மேலே நிற்கிற ஆள்தான், அவர் பெண்டாட்டி பிள்ளையும் கூட்டத்தில் இருக்கலாம் என்பதை நினைக்க வேண்டும். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: எழுதுகிற ஒவ்வொரு வசையும் கூட்டத்தில் சிலரின் வாயை அடைக்கிறது. வாயடைத்தவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சியதை ஒற்றுமை என்று எப்படிச் சொல்வது? சட்டமும் இதைத் தொடுகிறது. 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், பொதுமக்களிடையே பகைமை உணர்வை வளர்க்கும் பேச்சோ செயலோ கூட்டத்தில் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பாட்டாளரின் தலையில் வைக்கிறது. பாட்டு எழுதியவன் ஒருவேளை தப்பித்துக்கொண்டாலும், மாவட்டக் காவல்துறைத் தலைவரிடம் முன்னறிவிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். கைப்பேசியில் பத்து விநாடி வெட்டி எடுத்தாலும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒவ்வொரு அடியும் தனியாக நிற்க வேண்டும் என்பது என் சொந்தச் சோதனை.

இரண்டாவது எதிர்ப்பு மெட்டைப் பற்றியது. சினிமா மெட்டில் எழுதினால் மலிவு, சொந்த மெட்டில் எழுதினால்தான் கௌரவம் என்பார்கள். வரலாறு இவர்கள் பக்கம் இல்லை. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடி ஆள் சேர்த்தார். பாரதி பாட்டுகளோடு தாமே கட்டிய பாட்டுகளையும் பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று ஒரு பாட்டுப் புத்தகமும் போட்டார். அன்றைக்கு மக்கள் வாயில் புழங்கிய மெட்டுகளில் ஏற்றிய பாட்டுகள். மேடைப் பேச்சை முழுக்கப் பின்தொடர முடியாதவர்களும் தெரிந்த மெட்டைக் கேட்டால் நின்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கத் தொழிலாளர்கள் தெருவில் பேசும்போது சால்வேஷன் ஆர்மி வாத்தியக்குழு வந்து பேச்சை அமுக்கியது. அவர்கள் அந்த வாத்தியக்குழுவின் வேதப்பாட்டு மெட்டிலேயே தங்கள் சொல்லை ஏற்றிவிட்டார்கள். அந்தச் சங்கத்துப் பாட்டுக்காரர் ஜோ ஹில் எழுதியவற்றில் பல இப்படிப்பட்டவை. இரவல் மெட்டு ஏழையின் அச்சகம். ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. இன்றைய சினிமாப் பாட்டின் மெட்டு ஒன்றரை ஸ்தாயிக்கு ஓடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த பாடகர் பாடியது. திடலில் நிற்பவர் சரணத்தின் மேல்வரிக்கு வரும்போது குரல் கிட்டாமல் நிறுத்திவிடுவார். அதோடு இடையில் வரும் வாத்திய இசைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டம் நெளியும். காதல் பாட்டாக இருந்தால் பழைய சொற்கள் வந்து குறுக்கே நிற்கும். சிரிப்பு வரும். மெட்டை எடுங்கள், பல்லவியின் முதல் இரண்டு அடியை மட்டும் எடுங்கள் என்பேன்.

கூட்டம் பாடக்கூடிய எல்லை ஐந்தாறு சுரம். கீழே நிஷாதம், மேலே பஞ்சமம். அதற்குள் மெட்டை அடக்கிவிட்டால் ஆணும் பெண்ணும் அவரவர் ஸ்தாயியில் சேர்ந்து பாடலாம். சுருதியை இரண்டு கட்டை அல்லது இரண்டரைக் கட்டையில் வைப்பது எனக்கு ஒத்துவருகிறது. முன்னவர் பெண்ணாக இருந்தால் ஐந்து கட்டைக்கு இழுப்பார், அது அவருக்கு வசதி. அப்போது பஞ்சமம் வருமிடத்தில் மற்றவர்கள் குரல் கீச்சிட்டு அறுந்துபோகும். சுருதி தவறாகப் போகிறது என்பதற்கு அடையாளம் எளிது. பல்லவிக்கு வரும் சத்தம் முதல் சொல்லில் பெரிதாகவும் மூன்றாவது சொல்லில் பாதியாகவும் இருந்தால் கோளாறு கூட்டத்திடம் இல்லை. சொல்லின் ஓசையும் அப்படியே. அடியின் கடைசியில் நெடில் உயிர் வர வேண்டும், அதுதான் காற்றில் நீளும். நிற்போம் என்றால் ஓகாரத்தில் நீட்டி மகரத்தில் மூடலாம். உழைப்பு என்று முடித்தால் உதடு மூடி வரி செத்துவிடும். ‘இருக்கு’ குற்றியலுகரம்தானே என்று கேட்கலாம். அதனால்தான் அதை நீட்டாமல் கைதட்டோடு வெட்டி நிறுத்துகிற இடத்தில் வைத்தேன். நீட்டுவதற்கு ‘இங்கே’யின் ஏகாரம் இருக்கிறது.

வேகம் பற்றித்தான் உறுமிக்காரர்களோடு எனக்கு ஓயாத வாக்குவாதம். பினாங்கில் உறுமி மேளம் இல்லாமல் தமிழர் கூட்டம் கூடுவது கஷ்டம். தைப்பூசத்துக்கு அடித்துப் பழகிய கை, தானாக வேகமெடுக்கும். ஆனால் திறந்தவெளியில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் ஐந்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் எட்டும். நிமிஷத்துக்கு நூறு தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அறுபது விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.6 விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு பிந்தினால் பின்வரிசையின் கைதட்டு முன்வரிசைக்கு இடையிலே வந்து விழும். சத்தம் நிறைய, சொல் எதுவும் கேட்காது. நிமிஷத்துக்கு அறுபது தட்டாகக் குறைத்தால் அதே தாமதம் ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், காது பொறுத்துக்கொள்ளும். பின்னால் இரண்டு பேரை நிறுத்தி, காதை நம்பாமல் முன்னவரின் கையைப் பார்த்துத் தட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கூட்டம் நடந்துபோகும்போது நான்கு தட்டுத் தாளமே மேல், காலோடு ஒட்டும். கும்மியின் மும்மைத் தாளம் வட்டமாக நிற்கும்போது. மெதுவாகப் பாடினால் உணர்ச்சி போய்விடும் என்பவர்களுக்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் இருக்கிறது. ‘வீ ஷல் ஓவர்கம்’ பரவிய வழி இது: அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1945-46இல் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் ஒரு பழைய கோயில் பாட்டைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். லூசில் சிம்மன்ஸ் என்பவர் அதை இழுத்து இழுத்து, மிக மெதுவாகப் பாடுவார் என்று பேர். தொழிற்சங்கத்தினர் பயிற்சிக்குப் போன ஹைலேண்டர் பள்ளிக்கு வந்த தொழிலாளர்களிடமிருந்து ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டு அதைப் பரப்பினார். யாரையும் திட்டாத, அவசரப்படாத ஒரு பாட்டு.

மூன்றாவது எதிர்ப்பு எல்லாவற்றிலும் கனமானது. பாட்டால் ஒரு காசு கூலி உயர்ந்ததுண்டா? பாடிவிட்டு மனம் ஆறி வீட்டுக்குப் போய்விடுகிறார்களே, அது முதலாளிக்குத்தானே லாபம்? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை. கோரிக்கை தெளிவில்லாத கூட்டத்தில் பாடுவது உண்மையிலேயே மனம் ஆற்றும் வேலைதான். அந்த இடத்தில் முதலில் கோரிக்கையை எழுதுங்கள் என்று சொல்வதும் பாட்டுக்காரனின் கடமை. ஆனால் கூட்டத்தில் நேரம் எப்படிப் போகிறது என்று கூர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றை ஒப்புக்கொள்வார்கள். பேச்சு கொஞ்சம், காத்திருப்பு அதிகம். மனுவைக் கொண்டுபோனவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள், வெளியே வெயில், தண்ணீர் தீர்ந்துவிட்டது, என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புரளி கிளம்புவது அப்போதுதான். கூட்டம் கெடுவதும் அப்போதுதான். காசு உயரும் வேலையைச் செய்வது உள்ளே பேசுகிறவர்கள். வெளியே அறுநூறு பேர் கலையாமல், கலவரமும் ஆகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உள்ளே பேசுகிறவரின் கையிருப்பு. அந்தக் கையிருப்பைப் பாட்டு காப்பாற்றுகிறது. இதற்கு மேல் அதற்குப் பெருமை சேர்க்க வேண்டாம்.

அதனால் எப்போது பாடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளிருந்து வந்தவர் பேசத் தொடங்கினால் பாட்டு அந்த அடியிலேயே நிற்க வேண்டும், பல்லவியை முடித்துக்கொள்கிறோம் என்ற அடம் ஆகாது. போலீஸ் வரிசை எதிரே நெருங்கும்போது குரலை உயர்த்துவது இயல்பு, அது தப்பு. நான் செய்வது தாளத்தைப் பாதியாக்குவது, உறுமியை நிறுத்தச் சொல்வது, முதல் வரிசையை உட்காரச் சொல்லி உட்கார்ந்தபடி பாடுவது. உட்கார்ந்தவர் தள்ளுமுள்ளு செய்ய முடியாது, செய்ததாகச் சொல்லவும் முடியாது. தொழுகைக்கு அழைப்பு வரும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு அதற்கு முன் நிறுத்துவதும் இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் பக்கத்தில் கூடினால் பூசை நேரமும் அப்படியே.

பாட்டைக் கற்றுக்கொடுப்பதில் காகிதம் அதிகம் உதவாது. தாளைக் கொடுத்தால் எல்லோரும் குனிந்துவிடுவார்கள், குனிந்த தலையிலிருந்து குரல் வெளியே வராது. பதிலடியை மட்டும் மூன்று முறை வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு நேராகப் பாடத் தொடங்குவதே போதும். சரணங்களைப் பிரித்துக் கொடுக்கலாம்: தொழிற்சாலைச் சரணம் அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு, தோட்டத்துச் சரணம் பெரியவருக்கு. குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. 45 மணி நேரம் என்ற வரியை அதைக் கடந்து வேலை செய்தவர் பாடும்போது, ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தாலும் கேட்பார்கள். கடைசிச் சரணத்தை நான் எப்போதும் கலைந்துபோவதற்காக எழுதுகிறேன். முன்னறிவிப்பில் எழுதிக் கொடுத்த முடிவு நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அதைத் தொடங்குவது வழக்கம். அதில் வீரம் எதுவும் இருக்காது. நிபோங் திபால் போகிற பஸ் கோயில் பக்கம் நிற்கிறது, பாலம் தாண்டுகிற பஸ் மேட்டில் நிற்கிறது, போத்தலைப் பொறுக்கிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் பொருள். மெட்டு அதேதான், பதிலடியும் அதே ‘இங்கே இருக்கு’. எந்தப் பஸ் எங்கே என்று முன்னவர் கேட்க, அந்த ஊர்க்காரர்கள் கையைத் தூக்கிக் காட்டிப் பதில் சொல்லிவிட்டு நடப்பார்கள். உறுமிக்காரர் கடைசி ஆள், அவர் வேனில் மேளத்தை ஏற்றும்வரை ஏற்பாட்டாளர் திடலில் நிற்க வேண்டும்.